மதினிக்கு எழுதியது

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நான் நர்ஸ் வேலைக்கு அங்கே வர, குடும்பமாக மான்செஸ்டருக்கே வந்துவிடச் சொன்னீர்களே, அதைப் பற்றிப் போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நானும் உங்கள் தம்பியும் நன்றாக யோசித்துப் பேசிவிட்டோம். நாங்கள் வரவில்லை மதினி. தென்காசியிலேயே இருந்துகொள்கிறோம்.

நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. தொகுப்பூதியத்தில் நான் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். அப்போது கேட்காமலே பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸைக் கட்டியதும் நீங்கள்தான். நைட் டூட்டி முடிந்து வந்து நான் நேராக அடுப்படிக்குப் போனதைப் பார்த்துக் கண் கலங்கினீர்களே, அந்த மனசோடுதான் இப்போதும் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் நர்சாகவும் மருத்துவச்சியாகவும் சேர்த்தே பதிவு செய்கிறோம். அங்கே இரண்டும் தனித்தனி. ஓஇடி இங்கிலீஷ் பரீட்சை எழுதி, மற்றப் பரீட்சைகளும் தேறி வந்தாலும் நான் வார்டு நர்ஸ்தான், பிரசவம் பார்க்க முடியாது. எனக்கு லேபர் வார்டு வேண்டும் மதினி. சில குழந்தைகள் பிறந்ததும் அழாமல் கிடக்கும். துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, அப்பவும் மூச்சு வரவில்லை என்றால் ஆம்பு பையின் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். எல்லாம் முதல் ஒரு நிமிஷத்துக்குள். பிறகு அது வீல் என்று கத்தும்போது, கதவுக்கு வெளியே நிற்கிற ஆச்சி "என்ன பிள்ள தாயி?" என்று கேட்பாள். இதை விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

காலமுறை ஊதியத்துக்கு வந்ததிலிருந்து வீட்டுக் கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறோம். உங்கள் தம்பியின் மோட்டார் காயில் கட்டும் கடையும் இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. அங்கே வந்தால் அவர் கிடைத்த வேலைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அத்தையைக் காரணம் காட்டவில்லை. அவர்கள் "போங்க, நான் பார்த்துக்கிடுதேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். இனி இதைக் கேட்பதென்றால் எங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் தம்பியிடம் தனியாகக் கேட்டால் அக்காவிடம் முடியாது என்று சொல்ல வாய் வராமல் அவர் தவிக்கிறார்.

அண்ணன் பேசி வைத்திருக்கும் ஏஜென்டிடம் என் பேரில் பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அண்ணன் எனக்காக அலைந்திருக்கிறார்கள், அவர்களிடம் நானே பேசி நன்றி சொல்கிறேன்.

அப்புறம், எங்கள் வார்டில் ஒரு பொண்ணு ஓஇடிக்குப் படிக்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அங்கே போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. அங்கத்திய நிலவரத்தைச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. உங்கள் நம்பரை அவளிடம் கொடுக்கட்டுமா?

அன்புடன்,
உங்கள் தம்பி பொண்டாட்டி