அணுகுவசதி ஆய்வு: பிரதான கட்டடம்

அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும்,
தரம் 10 குடியியற் கல்வி, வடிவமைப்பு மாணவர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு

நுழைவாயில்: சாய்தளம் இருக்கிறது, ஆனால் 45 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 270 சென்ரிமீற்றர் நீளம்தான். அதாவது 1:6 சரிவு. 1:12 என்ற அளவுக்கு 540 சென்ரிமீற்றர் வேண்டும். முற்றத்தில் நேராக நீட்ட இடமில்லை. நடுவில் ஒரு தளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். கைப்பிடி இல்லை. மழை பெய்தால் ஓடு வழுக்குகிறது. ஊன்றுகோலுடன் வரும் எங்கள் வகுப்புத் தோழி அந்நாட்களில் பிறர் தோளைப் பிடித்தே ஏறுகிறாள். அதை உதவி என்று சொல்லி நாம் திருப்திப்படக்கூடாது.

மலசலகூடம்: கதவின் அகலம் 62 சென்ரிமீற்றர். 66 சென்ரிமீற்றர் அகலமான சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை. இதைத்தான் மிக அவசரமாகக் கருதுகிறோம். பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

விஞ்ஞானகூடம்: முதலாம் மாடியில், மின்தூக்கி இல்லை. கீழ்த்தள வகுப்பறையொன்றுடன் மாற்றுவதே செலவு குறைந்த வழி. குழாயும் மின்னிணைப்பும் மட்டும் புதிதாக வேண்டும்.

நூலகம், சிற்றுண்டிச்சாலை: தடையில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் இவற்றை உரிமையாகவே கருதுகின்றன. கதவையும் கைப்பிடியையும் அடுத்த தவணை தொடங்குமுன் செய்து தருமாறு கேட்கிறோம். அளவு வரைபடங்கள் இணைக்கப்பட்டுள்ளன.