பெரியப்பாவுக்கு, அந்த பார்சல் லிங்க் பற்றி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

காலையில் போனில் அவசரமாகச் சொன்னதை, நீங்கள் கேட்டபடியே எழுதி அனுப்புகிறேன். அத்தை நம் குரூப்பில் போட்ட அந்தச் செய்தியைத் திறக்காமல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

"உங்கள் பார்சலில் முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்துக்குள் திருத்துங்கள்" என்று இருந்தது. கீழே இப்படி ஒரு லிங்க்:

```
https://indiapost.gov.in.mugavari-sari.top/parcel
```

தபால் துறை பெயர் இருக்கிறதே, நம் துறைதானே என்றீர்கள். இங்கேதான் உங்கள் ஆர்.எம்.எஸ். வேலை கைகொடுக்கும். சின்ன வயதில் என்னைத் திருச்சி ஆபீஸுக்குக் கூட்டிப்போய், புறாக்கூடு மாதிரி இருந்த அந்த அறைகளுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். ஒவ்வொரு கவரிலும் உங்கள் கண் கீழ் வரிக்குத்தான் முதலில் போனது. "பேரைப் பார்த்தா தபால் போய்ச் சேராதும்மா, பின்கோடைப் பாரு" என்றீர்கள். லிங்க்கையும் அப்படியே கடைசியிலிருந்து படிக்க வேண்டும்.

முதலில் வரும் https:// என்பதை விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் வரும் முதல் சாய்கோடு வரை மட்டும் பாருங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் என்ன இருந்தாலும் கவலை இல்லை. இப்போது அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் ஒட்டி நிற்பது என்ன? mugavari-sari.top. இந்த லிங்க்கின் ஊர் அதுதான். முன்னால் இருக்கும் indiapost.gov.in வெறும் பெயர் வரி. கவரின் மேல் யார் வேண்டுமானாலும் கலெக்டர் என்று எழுதலாம் இல்லையா, அதுபோல. உண்மையான தபால் துறை முகவரி இப்படி இருக்கும்:

```
https://www.indiapost.gov.in/
```

சாய்கோட்டுக்கு முன்னால் புள்ளியோடு .gov.in என்றே முடிகிறது பாருங்கள். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். வங்கி என்றால் அதேபோல் புள்ளியோடு .bank.in என்று முடிய வேண்டும். ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் அதற்கு மாறச் சொல்லியிருக்கிறது. சித்தி அனுப்பும் பாட்டு, பிரசங்கம் எல்லாம் youtube.com அல்லது youtu.be. அவற்றைத் தாராளமாகப் பாருங்கள்.

எழுத்து சின்னதாக இருந்தால் விரலால் தட்டிப் பார்க்காதீர்கள், தட்டினால் திறந்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படியுங்கள். o இருக்க வேண்டிய இடத்தில் 0, l இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று வைத்து ஏமாற்றுவார்கள். மேலே தெரியும் படத்தையும் சின்னத்தையும் நம்ப வேண்டாம், அது அந்தப் பக்கத்துக்காரர்கள் வைத்த படம். https என்று இருப்பதும் பூட்டுப் படமும் நல்லவர்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. bit.ly மாதிரி குட்டையாக வந்தால் ஊர் பெயரே மறைந்திருக்கும். அதை எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதச் சீட்டு என்ற பெயரில் .apk என்று முடியும் ஃபைல் வரும். அது பத்திரிகை அல்ல, உங்கள் போனுக்குள் வந்து உட்காரும் ஆப். உள்ளே வந்துவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபியை மோசடிக்காரனும் படிக்க முடியும். யார் அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். நம் வீட்டு ஆள் பெயரிலேயே வந்தாலும் அவர்களுக்குப் போன் போட்டு "நீங்கள்தான் அனுப்பினீர்களா" என்று கேளுங்கள். அவர்களுடைய வாட்ஸ்அப்பை வேறு யாராவது பிடித்து வைத்திருக்கலாம். அத்தை விஷயத்தில் அப்படி இல்லை; தனக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் வந்ததை யாருடைய பார்சல் என்று கேட்கத்தான் போட்டிருக்கிறார்.

தப்பித் தவறித் திறந்துவிட்டால் பதற வேண்டாம். எதையும் நிரப்பாமல் மூடிவிடுங்கள். கார்டு நம்பரோ ஓடிபியோ கொடுத்துவிட்டால், இல்லை பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆப் ஏதாவது ஏறியிருந்தால் முதலில் நெட்டை அணைத்துவிட்டு, பெரியம்மா போனிலிருந்து கூப்பிடுங்கள். "பிள்ளைகள் திட்டுவார்களே" என்று ஒரு நாள் மறைத்து வைக்காதீர்கள். நான் திட்ட மாட்டேன், பெரியப்பா.

முகவரி சரியில்லாத பார்சலை என்ன செய்வார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். லிங்க் அனுப்பி முகவரியைத் திருத்தச் சொல்லும் வழக்கம் உங்கள் காலத்தில் மட்டுமல்ல, இப்போதும் தபால் துறைக்குக் கிடையாது.

அத்தையிடம் அந்தச் செய்தியைக் குரூப்பிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டேன். முரளி அதற்குள் தட்டிவிட்டானா என்று மட்டும் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள், அவன் என் போனை எடுப்பதில்லை.

கலா