தாள் பி.எல்-1: தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு – குழாய், வடிகால் அமைப்பு வரைபடக் குறிப்புகள்

இடம்: திருச்சிராப்பள்ளி மாநகராட்சி எல்லை. மனை 12.0 மீ அகலம், 18.0 மீ நீளம். சாலை வடக்கே. வீட்டின் வெளி அளவு 9.0 × 13.0 மீ. காலியிடம்: முன் 3.0 மீ, பின் 2.0 மீ, கிழக்கிலும் மேற்கிலும் 1.5 மீ. வரைபட அளவுகோல் 1:100. குழாய் விட்டங்கள் மி.மீ.யிலும் மட்டங்கள் மீட்டரிலும் தரப்பட்டுள்ளன.

மட்டங்கள்

சாலையின் நடுமட்டம் 100.00 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாம் கணக்கிடப்பட்டுள்ளன. முடிந்த மனைத் தரை 100.30, தரைத்தளத் தளமட்டம் 100.90, முதல் தளம் 104.05, மொட்டைமாடி 107.20. சாலையில் உள்ள பாதாளச் சாக்கடை மேன்ஹோலின் அடிமட்டம் 98.40.

மனைத் தரையை 100.30-க்குக் கீழே இறக்கக் கூடாது. மழைக்காலத்தில் சாலைச் சாக்கடை நிரம்பினால் தண்ணீர் முதலில் சாலை மேன்ஹோல் மூடி வழியாக, அதாவது 100.00 மட்டத்தில், வெளியே வரும். நம் சேம்பர் மூடிகள் அதைவிட 30 செ.மீ. உயரத்தில் இருப்பதால் வீடு தப்பிக்கிறது. மண் நிரப்பும் செலவைக் குறைக்க மனையைச் சாலை மட்டத்துக்கு விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வரைபடத்தில் உள்ள குறிகள்

சே-1 முதல் சே-5 வரை ஆய்வுத் தொட்டிகள் (சேம்பர்). ம-1, ம-2 முதல் தளக் கழிப்பறைகளின் மலக்குழாய்கள், 110. க-1, க-2, க-3 குளியல், சமையல், துவைக்கும் நீருக்கான 75 கழிவுநீர்க் குழாய்கள். கா-1 பின்புறக் காற்றுக்குழாய், 75. ஜி-1, ஜி-2, ஜி-3 கல்லி ட்ராப்புகள்.

தரைத்தளக் கழிப்பறைகள் இரண்டும் மேற்குச் சுவரை ஒட்டி உள்ளன: க.அ-1 நடுவில், க.அ-2 வடமேற்கு மூலையில். முதல் தளக் கழிப்பறைகள் அவற்றுக்கு நேர் மேலே. சமையலறை தென்கிழக்கில், அதன் மேலே முதல் தளத்தில் துணி துவைக்கும் பால்கனி. ஆகவே சாக்கடை முழுதும் தெற்கு, மேற்குப் பக்கங்களில் மட்டுமே ஓடும். மழைநீர், குடிநீர், சம்ப் எல்லாம் கிழக்கில். இந்தப் பிரிவை வேலை நடக்கும்போது யாரும் மாற்ற வேண்டாம்.

நிலத்தடி வடிகால்: சேம்பர் அட்டவணை

| சேம்பர் | உள் அளவு (மி.மீ.) | உள்வரும் அடிமட்டம் | வெளியேறும் அடிமட்டம் | ஆழம் (மீ) | மூடி |
|---|---|---|---|---|---|
| சே-1 | 450 × 450 | தொடக்கம் | 99.70 | 0.60 | 2.5 டன் |
| சே-2 | 600 × 600 | 99.49 | 99.46 | 0.84 | 2.5 டன் |
| சே-3 | 600 × 900 | 99.31 | 99.26 | 1.04 | 2.5 டன் |
| சே-4 | 600 × 900 | 99.16 | 99.13 | 1.17 | 2.5 டன் |
| சே-5 | 600 × 900 | 99.06 | 99.00 (ட்ராப் வழியாக) | 1.24 | 10 டன் |

அடிமட்டம் என்றால் குழாயின் உட்புற அடி. 900 அளவு மேற்குச் சந்தின் நீளவாக்கில் வர வேண்டும். குறுக்கே போட்டால் 230 செங்கல் சுவரோடு சேர்ந்து சந்து முழுவதையும் அடைத்துவிடும்.

சே-1 → சே-2: 110, நீளம் 8.25 மீ, வாட்டம் 1:40.
சே-2 → சே-3: 110, 6.0 மீ, 1:40.
சே-3 → சே-4: 160, 6.0 மீ, 1:60.
சே-4 → சே-5: 160, 4.0 மீ, 1:60.
சே-5 → சாலை மேன்ஹோல்: 160, 5.5 மீ, 1:60. சேரும் மட்டம் 98.91.

வேலையிடத்தில் கணக்குப் பார்க்க: 1:40 என்றால் 10 அடிக்கு 3 அங்குலம், 1:60 என்றால் 10 அடிக்கு 2 அங்குலம் இறக்கம். ‘இன்னும் கொஞ்சம் வாட்டம் சேர்த்துவிடலாம்’ என்று கண்மதிப்பில் ஏற்றக் கூடாது. பின்பக்கம் 5 செ.மீ. கூடினால் அது சே-5 வரை ஆழமாக வந்து சேரும். ட்ராப் மட்டமும் சாலை இணைப்பும் இரண்டுமே மாறிப்போகும். ஒவ்வொரு சேம்பரிலும் டியூப் லெவல் வைத்து 100.30-லிருந்து ஆழத்தை அளந்த பிறகே குழாய் போடவும்.

சே-3-இல் 110 குழாய் 160-ஆகிறது. அங்கே 50 மி.மீ. இறக்கம் தரப்பட்டிருப்பது இரண்டு குழாய்களின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வருவதற்காக. அடிமட்டத்தைச் சமமாக வைத்தால், 160 நிறைந்து ஓடும்போது நீர் 110-க்குள் பின்னேறி நின்று கசடு படியும்.

சாலை மேன்ஹோலில் நம் குழாய் 98.91-இல் சேர்கிறது, அங்குள்ள சாக்கடை 98.40. வித்தியாசம் 0.51 மீ. 0.60-ஐத் தாண்டவில்லை என்பதால் தனி இறக்கக் குழாய் தேவையில்லை. இணைப்பு வேலை மாநகராட்சி அனுமதியோடு மட்டுமே நடக்க வேண்டும்.

பள்ளமும் படுகையும்

பள்ளத்தின் அகலம் 500. அடியில் 100 மணல் படுகை. குழாயின் மேல் 150 வரை மணல், அதன் பிறகு சலித்த மண். முட்டி வரும் இடத்தில் மட்டும் மணலைச் சிறிது தோண்டி விடவும். இல்லாவிட்டால் குழாய் முட்டியில் மட்டும் தாங்கி நடுவில் தொய்யும். செங்கல் துண்டு வைத்து மட்டம் பிடிப்பது கூடாது. மண் அமரும்போது குழாய் அந்தத் துண்டின் மேலேயே வளைகிறது. வளைந்த பள்ளத்தில் நீர் தேங்கி அடைப்பு அங்கேதான் வரும். சே-5-க்கும் மனை எல்லைக்கும் இடையே கேட்டின் கீழ் 150 கனத்தில் கான்கிரீட் சூழப்பட வேண்டும்.

வெளியே புதைக்கும் குழாய்கள் ஐ.எஸ். 15328 நிலத்தடி வகை. சுவரில் ஏறும் எஸ்.டபிள்யு.ஆர். குழாய்கள் ஐ.எஸ். 13592, டைப் பி. டைப் ஏ காற்றுக்கும் மழைநீருக்கும் உரியது. மலக்குழாயில் அதை ஏற்க மாட்டோம்.

சேம்பர் கட்டுமானம்

அடியில் 1:3:6 கான்கிரீட் 150, 230 செங்கல் சுவர், உள்ளே 1:3 சிமெண்ட் பூச்சு 20 கனத்தில், வழவழப்பாகத் தேய்த்தது. அரைவட்டக் கால்வாய் குழாயின் மேல்விளிம்பு உயரம் வரை வர வேண்டும்; அதிலிருந்து சுவர் வரை பெஞ்சிங் 1:6 வாட்டத்தில். பக்கவாட்டுக் குழாய்கள் ஓட்டத்தின் திசையில் சாய்ந்து கால்வாயில் சேர வேண்டும். எதிர்த்திசையிலோ நேர்க்குறுக்காகவோ சேர்ந்தால் மலம் எதிர்ப்பக்க பெஞ்சிங்கில் மோதி அங்கேயே காய்ந்துவிடும். வீடு கட்டி ஆறு மாதத்தில் வரும் அடைப்புப் புகார்களில் மூடியைத் திறந்தால் பலமுறை கண்ணில் படுவது இதுதான்.

சே-5-இல் 160 இன்டர்செப்டிங் ட்ராப், சுத்தம் செய்யும் வாய் மூடியுடன். அந்த மூடியைச் சங்கிலியோடு சுவரில் மாட்டவும். இங்கிருந்து 110 புதுக்காற்றுக் குழாய் மேற்கு மதிற்சுவரில் 2.0 மீ உயரத்துக்கு ஏறும், மேலே மைக்கா தகடு வைத்த வாயுடன்.

மலக்குழாய்களும் காற்றோட்டமும்

முதல் தளக் கழிப்பறை மட்டுமே ம-1, ம-2-இல் சேரும். ம-1 சே-3-க்கும் ம-2 சே-4-க்கும் போகும். தரைத்தள மலக்கோப்பைகள் தனித் தனி 110 குழாயில் நேராக அதே சேம்பர்களுக்குப் போக வேண்டும். மேலிருந்து விழும் நீர் மலக்குழாயின் அடி வளைவில் திரும்பும்போது காற்று அழுத்தம் கூடுகிறது. தரைத்தளக் கோப்பையை அந்தக் குழாயிலேயே சேர்த்தால் கோப்பை நீர் குமிழியிடும், சில நேரம் வெளியே தெறிக்கும். அடி வளைவுக்கு 87.5° பென்ட் ஒன்றுக்குப் பதில் 45° பென்ட் இரண்டு.

க.அ-1 கோப்பைக் குழாய்: 2.2 மீ, 1:40, வளைவில் 99.42, சே-3-இல் 99.36. தளத்திலிருந்து நேர் இறக்கம் 1.48 மீ. க.அ-2: 2.2 மீ, 1:40, வளைவில் 99.27, சே-4-இல் 99.21, இறக்கம் 1.63 மீ. இந்த இறக்கம் 1.5 மீ-ஐத் தாண்டுவதால் விழும் நீர் ட்ராப் நீரையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். எனவே க.அ-2 கோப்பைக்கு மட்டும் 50 காற்றுக்குழாய் கொடுத்து, அதை ம-2-இல் 105.05 மட்டத்தில், முதல் தளச் சாதனங்கள் அனைத்துக்கும் மேலே, சேர்க்கவும். சுவர் பூசிய பிறகு இதை நுழைக்க இடமிருக்காது. ஆகவே செங்கல் வேலையின்போதே பொருத்திவிட வேண்டும்.

ம-1, ம-2, க-1, க-2, க-3, கா-1 ஆறும் மொட்டைமாடிக்கு மேல் 2.0 மீ, அதாவது 109.20 வரை ஏறி, கொசு வலையிட்ட கவுலில் முடியும். மாடியில் துணி காயப்போடுகிறார்கள், ஆட்கள் நடமாடுகிறார்கள். ஓரடியில் முடித்தால் நாற்றம் முகத்தில் அடிக்கும். மேல்நிலைத் தொட்டி மூடியிலிருந்து குறைந்தது 3 மீ தள்ளியிருக்க வேண்டும். கா-1 சே-1-இலிருந்து எழுகிறது: சே-5-இல் புதுக்காற்று நுழைந்து, வடிகால் முழுக்க ஓடி, கடைசி முனையான சே-1-இலும் வெளியேற வேண்டும் என்பதற்காக.

கழிவுநீர்

நஹானி ட்ராப் 110 × 75, 50 நீர்ப்பூட்டு. கை கழுவும் தொட்டி 40, சமையல் தொட்டி 50, பாட்டில் ட்ராப் 75 நீர்ப்பூட்டு. குளியலறைத் தளம் நஹானியை நோக்கி 1:60. ஜி-2, ஜி-3 சே-3, சே-4-க்கும், ஜி-1 சே-1-க்கும் 110 குழாயில் போகும். கல்லி ட்ராப் 150 × 100, 300 × 300 தொட்டியில், சல்லடை மட்டம் 100.40.

துவைக்கும் இயந்திரத்தின் நீர் க-3 வழியாக ஜி-1-க்குத் தனியாகவே வர வேண்டும். சமையல் தொட்டிக் குழாயில் சேர்த்தால் சோப்பு நுரை தொட்டிக்குள் ஏறும். ஜி-1-இல் எடுத்துக் கொட்டக்கூடிய வாளிச் சல்லடை வைக்கவும். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் 8.25 மீ குழாயில் போய் ஒட்டுவதைவிட அங்கேயே பிடிபடுவது நல்லது.

முதல் தளக் கழிப்பறைத் தளம் 300 தாழ்வு. நீர்புகாப் பூச்சு முடிந்து, 48 மணி நேரம் நீர் கட்டிச் சோதித்த பிறகே நிரப்பவும்.

நீர் வழங்கல்

சம்ப் வடகிழக்கு மூலையில், 6000 லிட்டர். மேல்நிலைத் தொட்டி 1500 லிட்டர், அடி மட்டம் 109.20. முதல் தள ஷவர் 106.15 என்பதால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 3 மீ. அதைவிடத் தொட்டியை இறக்கினால் ஷவர் ஒழுகும், பொழியாது. பம்ப் 0.5 குதிரைத்திறன், ஏற்றுக்குழாய் 32. மாடியில் சுற்றுக்குழாய் 40. ஒவ்வொரு கழிப்பறைக்கும் 25 இறக்குக்குழாய், அதில் தனி வால்வு. உள்ளே 20, குழாய்முனைக்கு 15. சுடுநீர் சி.பி.வி.சி. 20, ஐ.எஸ். 15778.

மழைநீர் 110 குழாய்கள் 4, கிழக்குச் சந்து வழியாக நிலத்தடி உறிஞ்சு குழிக்கு. எந்த மழைநீர்க் குழாயும் கல்லி ட்ராப்பில் சேரக் கூடாது.

வாங்க வேண்டிய குழாய்கள்

நிலத்தடி 110: 6 மீ நீளத்தில் 5. நிலத்தடி 160: 6 மீ நீளத்தில் 3. எஸ்.டபிள்யு.ஆர். 110: 3 மீ நீளத்தில் 7. எஸ்.டபிள்யு.ஆர். 75: 3 மீ நீளத்தில் 13. ரப்பர் வளையத்துக்குச் சோப்பு நீரே போதும்; கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துவிடும்.

மூடுமுன் சோதனை

மண் தள்ளுவதற்கு முன்: ஒவ்வொரு ஓட்டத்தின் கீழ்முனையையும் அடைத்து, மேல்முனையில் 1.5 மீ உயரம் நீர் நிறுத்தி, மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கவும். அடுத்து, குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. சிறிய பந்தை மேல் சேம்பரில் விடவும். நின்றால் அந்த இடத்தில் தொய்வோ, முட்டியில் பிதுங்கிய ரப்பரோ இருக்கிறது. இரண்டு சேம்பர்களுக்கு இடையே கண்ணாடியும் டார்ச்சும் பிடித்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். அரைவட்டம் தெரிந்தால் அந்தத் துண்டைக் கழற்றி மறுபடி போடவும். நீர்க்குழாய்களில் 6 கிலோ அழுத்தம் 2 மணி நேரம் நிற்க வேண்டும், சுவர்க்காடி பூசுவதற்கு முன்பே.

சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சேம்பரின் உண்மையான அடிமட்டத்தையும் இந்தத் தாளில் சிவப்பு மையில் எழுதி, ஒரு பிரதியை வீட்டு உரிமையாளரிடம் கொடுக்கவும்.