பணி நற்சான்றுக் கடிதம்: திருமதி க. மலர்விழி, முன்னாள் மூத்த மெர்ச்சண்டைசர்

இரகசியம்

திருப்பூர்,
12 மார்ச் 2025

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: திருமதி க. மலர்விழி அவர்களின் பணிக்காலம், பணித்திறன், நன்னடத்தை குறித்துத் தாங்கள் கேட்டிருந்த விவரங்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

திருமதி மலர்விழி அவர்களை முதுநிலை மெர்ச்சண்டைசர் பொறுப்புக்குப் பரிசீலித்து வருவதாகவும், அவரைப் பற்றி எங்கள் கருத்தை அறிய விரும்புவதாகவும் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அவர் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்த நாள் முதல் விலகிய நாள் வரை என் நேரடிப் பொறுப்பில் பணியாற்றியவர் என்பதாலும், நிர்வாக இயக்குநர் அவர்கள் இப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருப்பதாலும், நிறுவனத்தின் சார்பில் இதை எழுதுகிறேன். இக்கடிதத்தை அனுப்புவதற்கு முன் திருமதி மலர்விழி அவர்களிடம் முழுவதையும் படிக்கக் கொடுத்து, அவருடைய எழுத்துப்பூர்வமான இசைவைப் பெற்றிருக்கிறேன்.

அவர் 3 ஜூன் 2019 அன்று உதவி மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தார். ஏப்ரல் 2021இல் மெர்ச்சண்டைசராகவும், ஏப்ரல் 2023இல் மூத்த மெர்ச்சண்டைசராகவும் பதவி உயர்வு பெற்றார். இரண்டு உயர்வுகளும் ஆண்டு மதிப்பீட்டின் அடிப்படையில், நானே பரிந்துரைத்து வழங்கப்பட்டவை. 31 ஜனவரி 2025 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவர் பொறுப்பில் இரண்டு ஐரோப்பிய பையர்களின் கைக்குழந்தை ஆடைப் பிரிவும், அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்களும் இருந்தனர்.

சாம்பிள் ஒப்புதலில் தொடங்கி, லேப் டிப், நூல் கொள்முதல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று கப்பலேற்றம் வரை ஓர் ஆர்டர் கடக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் மேசையில் இருந்தபடி மட்டும் கவனித்தவர் அல்லர். டையிங் பட்டறைக்கும் காம்பேக்டிங் யூனிட்டுக்கும் நேரில் போய், துணியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே பையருக்கு மெயில் எழுதுவார். அவருடைய வேலையை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவது பட்டங்களையும் பாராட்டுச் சொற்களையும் அடுக்குவதைவிடத் தங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2022இல் 64,000 ரோம்பர்களுக்கான ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 180 ஜி.எஸ்.எம். இன்டர்லாக் துணி, காம்பேக்டிங் முடிந்து வந்து, ரிப்போர்ட்டும் சரியாக இருந்தது. கட்டிங் மேசையில் முதல் லே விரித்தாகிவிட்ட நிலையில், துணியின் கைப்பிடிப்பு வழக்கத்தைவிடத் தளர்வாக இருப்பதாகத் திருமதி மலர்விழிக்குத் தோன்றியது. வெவ்வேறு ரோல்களிலிருந்து துண்டு வெட்டி, 50 செ.மீ.க்கு 50 செ.மீ. குறியிட்டு, எங்கள் ஆய்வகத்திலேயே துவைத்து உலர்த்தி அளந்தார். நீளவாக்கில் 46.5 செ.மீ. இருந்தது, அதாவது 7 சதவீதச் சுருக்கம். பையர் அனுமதித்த எல்லை 5 சதவீதம். கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் தளத்தில் இருந்தவர்கள் வெட்டிவிடலாம் என்றே கூறினர். அவர் கட்டிங்கை நிறுத்தி, அளந்த துண்டுகளைக் குறிப்பேட்டில் ஒட்டி, ரோல் எண்களோடு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். துணி திரும்பப் போய் மறுபடி காம்பேக்டிங் ஆகி, 4 சதவீதச் சுருக்கத்தோடு வந்தது. தூத்துக்குடியில் குறித்த கப்பலையும் தவறவிடவில்லை, ஏனென்றால் துணி திரும்பி வருவதற்குள் பிரின்டிங், டிரிம்ஸ் வேலைகளை முன்னுக்குத் தள்ளி அட்டவணையை அவரே மாற்றி அமைத்திருந்தார். வெட்டித் தைத்து அனுப்பிய பிறகு பையரின் ஆய்வகத்தில் இது தெரியவந்திருந்தால் எங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்வதுதான் நியாயம். தொடக்க ஆண்டுகளில் காஸ்டிங்கில் அவர் மெதுவாக இருந்தார். வீணாகும் துணியின் விழுக்காட்டைக் கணக்கிடுவதில் தயங்கி, மீண்டும் மீண்டும் சரிபார்ப்பார். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நூல் விலை விடாமல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், பழைய விலையிலேயே நின்ற பையர்களிடம் விலைத் திருத்தம் பேச வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் அந்தத் தயக்கம் நீங்கியது. இன்று அவருடைய காஸ்டிங் ஷீட்டை நான் திருத்தாமல் கையெழுத்திடுவேன். வேலையைப் பிறரிடம் பிரித்துக் கொடுப்பதில் மட்டும் அவர் இன்னும் வளர வேண்டும். உதவியாளர்கள் செய்ததைத் தாமே ஒருமுறை பார்த்தால்தான் மனம் ஆறும் என்ற பழக்கத்தால், பருவ உச்சத்தில் தம்மீது சுமையை ஏற்றிக்கொள்வார். தங்கள் நிறுவனத்தில் பெரிய குழு அவர்கீழ் வருமென்றால், முதல் சில மாதங்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதத்தின் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். அவர் ஏன் விலகினார், பணியிடத்தில் ஏதேனும் பிரச்சினை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்காணலில் தாம் ஒரு புகார் அளித்திருந்ததைத் திருமதி மலர்விழி தாமே தங்களிடம் கூறியிருக்கிறார் என்று தங்கள் கடிதத்தால் அறிகிறேன். ஆகவே அந்த அளவுக்கு அதை உறுதிப்படுத்துகிறேன். அதற்கு மேல், புகாரில் என்ன இருந்தது, யார்மீது, யார் சாட்சி சொன்னார்கள், உள்ளகப் புகார்க் குழு என்ன விசாரித்தது, எதைப் பரிந்துரைத்தது என்பவற்றில் எதையும் எழுத மாட்டேன். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இவ்விவரங்களை வெளியே தெரியப்படுத்தக் கூடாது என்கிறது; அந்தக் காப்பு புகார் அளித்தவருக்கும், புகாருக்கு உள்ளானவருக்கும், சாட்சிகளுக்கும் சேர்த்தே தரப்பட்டது. எனது மௌனத்தை எவருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் கேட்டாலும் இதே அளவுக்குத்தான் நான் எழுதுவேன்.

ஆனால் சட்டம் தடுக்காதவையும், திருமதி மலர்விழி இசைந்தவையும், ஒரு புதிய நிறுவனம் தெரிந்துகொள்ள உரிமையுள்ளவையும் சில இருக்கின்றன. அவர்மீது எங்கள் நிறுவனம் எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுத்ததில்லை. பணிக்காலம் முழுவதிலும் ஒரு மெமோ கூட அவருக்குக் கொடுக்கப்பட்டதில்லை. தீய நோக்கோடு அளிக்கப்படும் பொய்ப் புகார்களைப் பற்றிய 14ஆம் பிரிவின் கீழும் அவர்மீது எந்தப் பரிந்துரையும் எழவில்லை, எந்த நடவடிக்கையும் இல்லை. சட்டம் தந்திருக்கும் வழியில், உரிய காலத்துக்குள், எழுத்தில் புகார் அளித்தார். விசாரணைக்கு அழைத்த நாள்களில் தவறாமல் வந்தார். அதைப் பற்றித் தளத்திலோ பையர்களிடமோ பேசியதாக ஒருமுறைகூட என் கவனத்துக்கு வரவில்லை.

அவருடைய 2024ஆம் ஆண்டு வருகைப் பதிவைத் தாங்கள் கேட்டுப் பெறுவீர்களாயின், ஆகஸ்டு 5 முதல் செப்டம்பர் 13 வரை விடுப்பு என்றிருப்பதைக் காண்பீர்கள். அது 12ஆம் பிரிவின்படி, விசாரணைக் காலத்தில் அனுமதிக்கப்பட்ட விடுப்பு. சம்பளத்தோடு தரப்பட்டது, அவருக்கு வழக்கமாக உரிய விடுப்புக் கணக்கிலும் கழிக்கப்படவில்லை. இதை வருகைக் குறைவாகக் கணக்கிடுவது தவறாகும். திரும்பி வந்த பிறகு எங்கள் இரண்டாவது யூனிட்டில் பணியமர்த்தப்பட்டார். அங்கே அவருக்குப் புதிய தளம், புதிய கட்டிங் மாஸ்டர், பழகாத லைன் சூப்பர்வைசர்கள். ஆயினும் அக்டோபர் முதல் ஜனவரி வரை அவர் கையாண்ட ஆர்டர்கள் எல்லாம் இறுதி ஆய்வில் ஏ.க்யூ.எல். 2.5 அளவில் முதல் முறையிலேயே தேறின. மனச்சுமை மிகுந்த ஒரு காலத்தில் ஒருவர் வேலையை எப்படிச் செய்கிறார் என்பதைப் பார்த்த எனக்கு, அவர்மீது இருந்த மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

2 டிசம்பர் 2024 அன்று தாமாகவே விலகல் கடிதம் கொடுத்தார். எங்களால் விலகுமாறு கேட்கப்படவில்லை. விலகலை மறுபரிசீலனை செய்யுமாறு நானும் நிர்வாக இயக்குநரும் கேட்டோம். வேறு இடத்தில் புதிதாகத் தொடங்க விரும்புவதாகக் கூறினார். அந்த விருப்பம் எனக்குப் புரிந்தது, அதை மதித்தோம். அறுபது நாள் முன்னறிவிப்புக் காலத்தையும் முழுமையாகப் பணியாற்றி, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் தனிக் கோப்பு வைத்து, நிலுவையில் இருந்த ஒப்புதல்களைத் தேதியோடு பட்டியலிட்டு, அடுத்து வந்தவரை அருகில் உட்கார வைத்து ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்புகளை இப்போதும் எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவு பயன்படுத்துகிறது. பணிக்கொடை உட்பட அவருக்குரிய தொகை முழுவதும் வழங்கப்பட்டுவிட்டது. இரு தரப்பிலும் நிலுவை ஏதும் இல்லை.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கு முன் அவர் இருந்த நிறுவனத்தில் தெரிந்தவர் யாரையாவது தொலைபேசியில் விசாரிப்பது இங்கே வழக்கம் என்பதை நானும் அறிவேன். திருமதி மலர்விழி விஷயத்தில் அப்படி விசாரித்தால், விசாரணையில் பங்கேற்காத, அதன் ஆவணம் எதையும் பார்த்திராத ஒருவருடைய ஊகம் தங்களுக்கு உண்மை போல வந்து சேரக்கூடும். அத்தகைய பேச்சு எதுவும் எங்கள் நிறுவனத்தின் கருத்தாகாது. எங்கள் தரப்பில் அவரைப் பற்றிக் கருத்துக் கூற என்னைத் தவிர வேறு எவருக்கும் அதிகாரம் அளிக்கப்படவில்லை என்பதை எழுத்திலேயே எங்கள் பணியாளர்களுக்குத் தெரிவித்திருக்கிறோம். புகார் அளித்தது ஒரு பணியாளருக்குச் சட்டம் தந்த உரிமை. அதை அவருடைய தகுதியை எடைபோடும் தட்டில் ஒரு குறையாக வைக்க வேண்டாம் என்று, அவரோடு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் தங்களை மனமார வேண்டுகிறேன்.

அவரை மீண்டும் பணியில் அமர்த்துவீர்களா என்ற தங்களது கடைசிக் கேள்விக்கு என் பதில்: ஆம். அவர் விண்ணப்பித்தால், விலகியபோது இருந்த பதவிக்குக் குறையாத பொறுப்பில் எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தை ஆடைகளில், குறிப்பாகப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக உள்ள பையர்களுக்கு, அவரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

பணி தொடர்பாக மேலும் விவரம் வேண்டுமானால், இக்கடிதத்தாளில் உள்ள அலுவலக எண்ணில் என்னை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். இக்கடிதத்தைத் தங்கள் மனிதவளப் பிரிவுக்கு வெளியே பகிர வேண்டாம் எனவும், நியமனம் குறித்த முடிவு எதுவாயினும் அதன்பின் இரகசியக் கோப்பிலேயே வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
ச. வேலுச்சாமி
பொது மேலாளர், மெர்ச்சண்டைசிங்

நகல்: திருமதி க. மலர்விழி அவர்களுக்கு