பொருள்: ஜூலை முதல் செப்டம்பர் வரை செவ்வாய், வெள்ளி காலைகளில் இரண்டு மணி நேர பெர்மிஷன்

சுந்தர் சார், வணக்கம்.

மருத்துவர் ஆலோசனைப்படி எனக்கு ஒரு தொடர் சிகிச்சை ஆரம்பிக்கிறது. ஜூலை முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் கடைசி வரை, செவ்வாயும் வெள்ளியும் காலை 8.30 முதல் 10.15 வரை அங்கே இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் ஒன்பது மணிக்குப் பதிலாக 11 மணிக்கு வர அனுமதி வேண்டுகிறேன். மாலை நேரம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வாரத்துக்கு நான்கு மணி நேரம் குறையும். அதைத் திங்கள், புதன், வியாழன் மாலைகளில் ஈடுசெய்துவிடுகிறேன். சிகிச்சை நாள்களில் மட்டும் மாலை ஆறுக்கு மேல் இருக்க முடியாது. இப்படி ஈடுசெய்வது சரிவராது, அரை நாள் விடுப்பாகத்தான் கழிக்க வேண்டும் என்றால் அதற்கும் சம்மதம். எந்த முறை என்று முதலிலேயே முடிவாகிவிட்டால் மாதக் கடைசியில் வருகைப் பதிவில் குழப்பம் வராது.

வேலையைப் பொறுத்தவரை, செவ்வாய் 10 மணி மீட்டிங்கை 11.30க்கு மாற்ற முடியுமா? வெள்ளிக்கிழமை போக வேண்டிய பில்களை வியாழன் மாலையே சரிபார்த்து உங்கள் ஒப்புதலுக்கு அனுப்பிவிடுவேன். காலையில் அவசரமாக ஏதாவது வந்தால் மீனா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சிகிச்சை நடக்கும்போது போனை எடுக்க முடியாது, 10.15க்கு மேல் கூப்பிடலாம். செப்டம்பர் கடைசி வாரம் காலாண்டுக் கணக்கு முடிப்பு வருகிறது. அந்த வாரத்துக்கு மட்டும் நேரத்தை மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவேன்.

என்ன சிகிச்சை, எதற்காக என்ற விவரங்களை என்னோடு வைத்துக்கொள்ள விரும்புகிறேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. வீட்டிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் இப்போது செய்யும் வேலை எதையும் குறைக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிகிச்சை அவசியம் என்பதும் நாள், நேரமும் குறிப்பிட்ட சான்றிதழை நேரடியாக ஹெச்.ஆரிடம் கொடுக்கிறேன். நோயின் பெயர் அதில் இருக்காது. அது போதாது என்று அவர்கள் சொன்னால், எந்தத் தகவல், எதற்காக என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் பேசிவிட்டுப் பதில் தருகிறேன்.

மீனாவிடமும் டீமிடமும் காலையில் ஒரு தனிப்பட்ட வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காலண்டரிலும் 'வெளியில்' என்றுதான் போடப்போகிறேன். யாராவது உங்களிடம் கேட்டால் நீங்களும் அதையே சொன்னால் போதும். நலம் விசாரித்து நாலு பேர் வந்தால் பதில் சொல்வதே தனி வேலையாகிவிடும்.

சிகிச்சை நீண்டாலோ நாள் மாறினாலோ உடனே தெரிவிக்கிறேன். ஜூன் 25க்குள் நேரத்தை உறுதிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். நேரில் பேச வேண்டுமென்றால் நாளை மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்.

நன்றி சார்.

கவிதா
கணக்குப் பிரிவு