கேனுலா பராமரிப்புப் பதிவேடு: ஆண்கள் பொது மருத்துவ வார்டு, படுக்கை 14

நோயாளி: 62 வயது ஆண், கோபிச்செட்டிப்பாளையம் வட்டம், மஞ்சள் விவசாயி. வலது காலில் செல்லுலைட்டிஸ். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரு பாதங்களிலும் மரமரப்பு. வலக்கைப் பழக்கம். மருந்து ஒவ்வாமை இல்லை. டயாலிசிஸ் ஃபிஸ்துலா இல்லை.

நரம்பு வழி மருந்துகள்: ஆக்மென்டின் 1.2 கிராம், 8 மணி நேரத்திற்கு ஒருமுறை. கிளிண்டாமைசின் 600 மி.கி., 100 மி.லி. சலைனில் கலந்து 30 நிமிடத்தில், 8 மணி நேரத்திற்கு ஒருமுறை. இரண்டாவது மருந்து நரம்பை எரிக்கும். இதை ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்லி ஒப்படைக்கவும்.

மதிப்பெண் (ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் வகுத்த, ஊசி போட்ட நரம்பின் அழற்சியைப் பார்த்து அளக்கும் வி.ஐ.பி. அளவு)

0: வலி, சிவப்பு, வீக்கம் எதுவும் இல்லை. கவனித்து வரவும்.
1: ஊசி இடத்தருகே லேசான வலி அல்லது லேசான சிவப்பு, இரண்டில் ஒன்று. லைன் இருக்கலாம், கண் அதன் மேலேயே இருக்க வேண்டும்.
2: வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றில் இரண்டு. எடுத்துவிட்டு வேறிடத்தில் போடவும்.
3: கேனுலா போகும் பாதை நெடுக வலி, சிவப்பு, தடிப்பு மூன்றும். எடுக்கவும், சிகிச்சைக்கு மருத்துவரிடம் சொல்லவும்.
4: மூன்றும் பரவலாக இருப்பதுடன், நரம்பு கயிறு போல விரலில் தட்டுப்படும். எடுக்கவும்; மருத்துவர் வந்து பார்க்க வேண்டும்.
5: இவை எல்லாவற்றுடன் காய்ச்சல். எடுக்கவும்; சிகிச்சையை உடனே தொடங்கவும். இரத்தக் கல்ச்சர் பற்றி மருத்துவரிடம் கேட்கவும்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருமுறை, அதோடு ஒவ்வொரு மருந்துக்கு முன்னும் மதிப்பெண் எழுதவும். "நன்றாக உள்ளது" என்று எழுதுவதை இந்த வார்டில் ஏற்பதில்லை, எண் வேண்டும்.

"வலிக்கிறதா?" என்று கேட்டு மட்டும் எண் போடக் கூடாது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வலியைச் சொல்வதைக் கூச்சமாக நினைப்பவர்கள். "ஒன்றுமில்லைங்க சிஸ்டர்" என்பார்கள், கை சுருங்கும். டிரெஸ்ஸிங்கின் மேலேயே விரலால் அழுத்தி, முகத்தைப் பார்க்கவும். கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதா சாயலிலோ தெரியும். இவருக்கு மஞ்சள் வேகவைத்த கறையும் கை முழுக்க இருக்கிறது. ஆகவே சூட்டைப் புறங்கையால் தொட்டு, மறு கையின் அதே இடத்துடன் ஒப்பிட வேண்டும். வெளிச்சம் குறைந்த இரவு ஷிஃப்டில் டார்ச் எடுத்துக்கொண்டு போகவும்.

எப்போது மாற்ற வேண்டும்

மூன்று நாள் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் வழக்கத்தை இங்கே விட்டுவிட்டோம். 2012இல் வெளிவந்த, 3,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆஸ்திரேலிய ஆய்வில், தேவைப்படும்போது மட்டும் மாற்றியவர்களுக்கு ஃபிளெபைட்டிஸ் என்னும் நரம்பு அழற்சி கூடுதலாக வரவில்லை. நல்ல லைனைப் பிடுங்கி, சர்க்கரை நோயாளியின் இன்னொரு நரம்பைக் கெடுப்பதில் யாருக்கும் இலாபமில்லை. ஆனால் இந்தச் சலுகை ஒழுங்காகப் பார்த்து எழுதுகிற வார்டுக்கு மட்டுமே. பார்க்காமல் விட்ட லைன் எத்தனை நாள் ஆனாலும் நல்ல லைன் ஆகாது.

மதிப்பெண் 2 ஆனால், எத்தனை மணி ஆனாலும் எடுக்கவும். அவசரப் பிரிவில் அவசரத்தில் போட்ட, சுத்தமாகப் போட்டதற்குக் குறிப்பு இல்லாத லைனை, நோயாளி நிலைப்பட்டவுடன், இந்த வார்டில் 24 மணிக்குள் மாற்றவும். ஃபிளஷ் போகாமல் அடைத்தால் அழுத்தித் தள்ளக் கூடாது, எடுக்கவும். கசிவு, வீக்கம், தோல் குளிர்தல், ஈரமான மேடு தெரிந்தால் மருந்து வெளியே போகிறது: உடனே நிறுத்தவும், ஃபிளஷ் செய்யக் கூடாது, கையை உயர்த்தவும். நாரட்ரினலின், பொட்டாசியம் போன்றவை வெளியே போயிருந்தால் கேனுலாவை எடுக்காமல், அதன் வழியே உறிஞ்சிப் பார்த்துவிட்டு மருத்துவரை அழைக்கவும். சீழ் இருந்தால் எடுத்து, சீழைக் கல்ச்சருக்கு அனுப்பவும். 24 மணி நேரம் பயன்படாத லைனையும் எடுத்துவிடவும்.

புதிய லைன் மறு கையில். முடியாவிட்டால் அதே கையில் பழைய இடத்திற்கு மேலே. மடங்கும் மூட்டைத் தவிர்க்கவும். ஒருவர் இரு முறைக்கு மேல் குத்தக் கூடாது. அடுத்தவரைக் கூப்பிடவும், அதில் கௌரவக் குறைவு இல்லை.

தினசரிப் பராமரிப்பு: கை கழுவவும். ஹப்பை ஆல்கஹால் ஸ்வாபால் 15 நொடி தேய்த்து உலர விடவும். மருந்துக்கு முன்னும் பின்னும் 10 மி.லி. சிரிஞ்சில் 5 மி.லி. சலைன் ஃபிளஷ். டிரெஸ்ஸிங் நனைந்தாலோ ஓரம் கிளம்பினாலோ உடனே மாற்றவும்.

பதிவுகள்

10.02.2025, இரவு 9.40. அவசரப் பிரிவு. 18 கேஜ் பச்சை, வலது முழங்கை மடிப்பு. தோல் சுத்தம் பற்றிய குறிப்பு இல்லை.

11.02.2025, காலை 10.15. மேற்கண்ட விதிப்படி மாற்றப்பட்டது. 20 கேஜ் பிங்க், இடது முன்கை, மணிக்கட்டிற்கு 6 செ.மீ. மேலே, முதல் முறையிலேயே. குளோர்ஹெக்ஸிடின் ஆல்கஹால் 30 நொடி, உலர்ந்த பிறகு. ஃபிளஷ் தடையின்றிப் போனது. முழங்கை லைன் எடுக்கப்பட்டது, முனை முழுமை, இடம் 0.

11.02, பிற்பகல் 2: 0. இரவு 10: 0.

12.02, காலை 6: 0. பிற்பகல் 2: 1. கிளிண்டாமைசின் போகும்போது "கொஞ்சம் எரிகிறதுங்க" என்றார். வெளியே கசிவு இல்லை, ஃபிளஷ் நன்றாகப் போகிறது. மருந்து ஓட்டத்தை 60 நிமிடமாகக் குறைத்தேன், எரிச்சல் தணிந்தது. ஒரு மணி கழித்து மறுபார்வை: 1.

12.02, மாலை 6: 1.

12.02, இரவு 10: கேட்டதற்கு வலி இல்லை என்றார். அழுத்தியதும் கையை இழுத்துக்கொண்டார். ஊசி இடத்தைச் சுற்றி இரண்டு செ.மீ. கருமை, வலக்கையைவிடச் சூடு. மதிப்பெண் 2. 10.15க்கு எடுத்தேன், 36 மணி இருந்த லைன். முனை முழுமை. வெதுவெதுப்பான ஒத்தடம். வலது புறங்கையில் முதல் முயற்சி தோல்வி. வலது முன்கையில் 22 கேஜ் நீலம், இரண்டாவது முயற்சியில். 10.30க்குக் கிளிண்டாமைசின் 60 நிமிடத்தில். பணி மருத்துவரிடம் சொல்லப்பட்டது.

13.02, காலை 6: புதிய இடம் 0. பழைய இடத்தில் மனைவி மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தார். அவர் வீட்டு மஞ்சள், நோக்கம் நல்லது; ஆனால் தோலின் நிறம் மறைந்து மதிப்பெண் போட வழியில்லாமல் போயிற்று. பொறுமையாகச் சொல்லி, தண்ணீரால் துடைத்தேன். "இது ஆறும்வரை எதுவும் பூச வேண்டாம் அம்மா" என்றதும் ஒப்புக்கொண்டார். பழைய இடம் 1. எடுத்த பிறகும் ஃபிளெபைட்டிஸ் வளரும். 48 மணி பார்க்கவும்.

13.02, காலை 10: ரவுண்டில் கிளிண்டாமைசின் மாத்திரையாக மாற்றப்பட்டது. இதைக் கேட்க வேண்டியது முந்தைய நாள் எரிச்சல் தொடங்கியபோதே, இனி கேட்போம். பிற்பகல் 2: புதிய இடம் 0, பழையது 1. இரவு 10: 0, பழையது 0.

14.02, காலை 6: இரண்டும் 0. காலை 10.30: ஆக்மென்டினும் மாத்திரை. லைன் எடுக்கப்பட்டது, முனை முழுமை, 2 நிமிடம் அழுத்தம்.

14.02, இரவு 10: இரு கைகளும் 0.

15.02, காலை 9: இரு கைகளும் 0. வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடமும் மகனிடமும் சொல்லப்பட்டது: ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், கயிறு போன்ற தடிப்பு, சீழ் அல்லது காய்ச்சல் வந்தால் அன்றே வர வேண்டும்; மஞ்சள் வேலைக்கு ஒரு வாரம் போகாமல் கையையும் காலையும் ஓய்வில் வைக்க வேண்டும். "அறுவடை நேரம் பாருங்கள்" என்றார். மகன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.