உள் சுற்றறிக்கை: சமய விழாக்களுக்கான விடுப்பு, 2026 முதல்

அனுப்புநர்: மனிதவளப் பிரிவுத் தலைவர்
பெறுநர்: அனைத்து நாட்டு அலுவலகங்களின் ஊழியர்கள், ஷிப்ட் மேற்பார்வையாளர்கள், மேலாளர்கள்
தேதி: 17 நவம்பர் 2025
நடைமுறைக்கு வரும் நாள்: 1 ஜனவரி 2026

அன்புள்ள அனைவருக்கும்,

இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த விடுப்புப் புகார்களில் இரண்டு என்னை உறங்கவிடவில்லை. பெருநாளன்று விடுப்பு கேட்ட ஒருவரிடம், "சரியான தேதியைச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒப்புதல் தர முடியும்" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். பிறை தெரிந்தால்தான் தேதி. அது முந்தைய இரவுதான் உறுதியாகும். இரவு பதினொரு மணிக்குத் தேதி தெரிந்தபோது ஷிப்ட் பட்டியலைப் பூட்டிவிட்டார்கள். அவர் பெருநாள் தொழுகைக்குப் போகாமல் வேலைக்கு வந்தார்.

இரண்டாவது புகார் வேறு மாதிரி. மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து கிறிஸ்துமஸ் அன்று ஒரே ஊழியருக்கு இரவு ஷிப்ட். காரணம் கேட்டால், "நீங்கள் கிறிஸ்தவர் இல்லையே" என்பது பதில். அவருடைய குழந்தைகளின் பள்ளிக்கு அந்த வாரம்தான் விடுமுறை. அவர் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கக்கூடிய ஒரே வாரம் அது.

இரண்டு இடத்திலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. நம்முடைய விதிதான் தவறு. ஒவ்வொரு நாட்டிலும் அரசு விடுமுறைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதில் பெரும்பான்மையினரின் விழாக்கள் சம்பளத்தோடு வந்துவிடுகின்றன. மற்றவர்கள் தங்கள் விழாவுக்கு ஆண்டு விடுப்பிலிருந்து நாள் எடுக்கிறார்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஆனால் ஒருவருக்கு மட்டும் ஓய்வெடுக்க நாள் குறைகிறது.

புதிய விதி

அரசு விடுமுறைகள் அப்படியே தொடரும். அவற்றுக்கு மேல், எல்லா நாட்டிலும் ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு நான்கு விருப்ப விடுப்பு நாட்கள், சம்பளத்துடன். ஆண்டு விடுப்பிலிருந்து இது கழியாது. அரை நாளாகவும் எடுக்கலாம். அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவைக்க முடியாது, பணமாக மாற்றவும் முடியாது. பகுதிநேர ஊழியர்களுக்கு வேலை நேர விகிதத்தில் நாட்கள் கிடைக்கும்.

எந்தச் சமயம், எந்த விழா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சமய நம்பிக்கை இல்லாதவரும் இந்த நான்கு நாட்களை எடுக்கலாம். இறந்த தாயின் நினைவு நாளுக்கோ, வீட்டில் சும்மா இருக்கவோ பயன்படுத்தலாம்.

ஆரம்பத்தில் என் வரைவு இப்படி இல்லை. ஒவ்வொரு சமயத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட விழாக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கினேன். எந்தப் பிரிவின் எந்த நாள் "முக்கியமானது" என்று முடிவுசெய்ய நான் யார் என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25 என்று எழுதினேன். பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது ஜனவரி 7.

ஆஸ்திரியாவில் நடந்த ஒரு வழக்கு என் மனதை முழுமையாக மாற்றியது. அங்கே சில குறிப்பிட்ட கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் புனித வெள்ளி சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக இருந்தது. அன்று வேலை செய்தால் அவர்களுக்குக் கூடுதல் ஊதியமும் உண்டு. அந்தச் சபைகளைச் சேராத ஒரு ஊழியர் வழக்குப் போட்டார். சமயத்தை வைத்து இப்படிப் பிரிப்பது பாகுபாடு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பிறகு அந்த நாடு, எந்தச் சமயத்தவரும் தாமே தேர்ந்தெடுக்கும் ஒரு நாள் என்ற முறைக்கு மாறியது. அந்த நாளை ஆண்டு விடுப்பிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதால், சலுகையை இழந்தவர்களுக்கு அது வருத்தம்தான். நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை. விருப்ப நாட்கள் கூடுதலாகவே வருகின்றன.

பட்டியல் இல்லாததில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சமய நம்பிக்கை தனிப் பாதுகாப்பு பெற்ற தகவல். விடுப்பு மென்பொருளில் ஒரே குறியீடுதான் இருக்கும்: `FLX`. காரணம் எழுதும் பெட்டியை நீக்கச் சொல்லிவிட்டேன். ஒரு மேலாளர் தன் குழுவில் யார் எந்தச் சமயம் என்று தனியாக ஒரு தாள் வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள்.

தேதி நிலையில்லாத விழாக்கள்

ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. அதனால் ரமலான் ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் வருகிறது. 2030இல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் தொடங்கும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை நகரும். யூத விழாக்கள் முந்தைய மாலை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும்.

பிறை பார்த்து உறுதியாகும் நாட்களுக்கு, அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒப்புதல் தரப்படும். தேதி உறுதியானதும் மற்றொன்றை ரத்து செய்துவிட்டு வேலைக்கு வாருங்கள். கணக்கில் ஒரு நாள்தான் குறையும். ரத்து செய்ய அந்த இரவு நேரமில்லை என்றால் மேற்பார்வையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். மாலையில் தொடங்கும் விழாக்களில், நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட் ஒரே நாளாகக் கணக்கிடப்படும்.

வேலை நிற்கக் கூடாது

24 மணி நேரமும் இயங்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலும் பணப் பரிமாற்றக் கண்காணிப்பிலும் ஒரு ஷிப்டில் மூன்றில் இரண்டு பங்கு ஊழியர்கள் இருந்தாக வேண்டும். 24 பேர் கொண்ட ஷிப்டில் 16 பேர். எட்டுப் பேருக்கு விடுப்பு தரலாம். மற்ற பிரிவுகளுக்கு இந்த வரம்பு இல்லை, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனால் போதும்.

இந்த எட்டு இடம் எப்போது நெருக்கடியாகும் என்று நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும். 2026 பிப்ரவரி 17 சந்திரப் புத்தாண்டு, மறுநாள் சாம்பல் புதன், ரமலான் தொடக்கமும் அதை ஒட்டியே. மார்ச் 19 யுகாதி, பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸும் பெருநாளும் 20 அல்லது 21. ஏப்ரல் 1 மாலை யூதர்களின் பஸ்கா தொடங்குகிறது, 3 புனித வெள்ளி, 5 ஈஸ்டர், ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் 12. மார்ச் கடைசி வாரம் கணக்கு முடிக்கும் வாரமும்கூட. இந்த நாட்களுக்கு ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் இப்போதே திட்டமிட வேண்டும்.

"முதலில் கேட்டவருக்கே" என்ற பழைய முறையை எடுத்துவிடுகிறோம். நிலையான தேதியில் விழா வருபவர் ஓராண்டு முன்பே பதிவு செய்துவிட முடியும், மற்றவரால் முடியாது. அதனால் விழாவுக்கு ஆறு வாரம் முன்புவரை வரும் எல்லா விண்ணப்பங்களும் ஒரே வரிசையில் வைக்கப்படும். இடத்தைவிட ஆள் அதிகமானால் குழுவினர் முதலில் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும். அனுபவத்தில் சொல்கிறேன், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பக்கத்துக் குழுவிலிருந்து ஆள் கேட்க வேண்டும். அதற்கும் பிறகு, சென்ற ஆண்டு விருப்ப நாள் மறுக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. அப்போதும் சமமாக இருந்தால் குலுக்கல். ஆறு வாரத்துக்குள் கேட்பவர்களுக்கு மீதி இடம் இருந்தால் கிடைக்கும்.

மறுப்பு எழுத்தில்தான் இருக்க வேண்டும், இரண்டாம் நிலை மேலாளரின் கையெழுத்தோடு, விண்ணப்பக் காலம் முடிந்த மூன்று வேலை நாட்களுக்குள். "வாடிக்கையாளருக்குப் பிடிக்காது" என்பதோ, "மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்" என்பதோ காரணமாகாது. ஞாயிறு வேலைக்கு மறுத்த ஓர் அஞ்சல் ஊழியரின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் இதைத் தெளிவாக்கியது: தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை ஏற்படும் என்று நிறுவனம் காட்ட வேண்டும், சின்னச் சிரமத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது. நாம் இந்த அளவுகோலை எல்லா நாட்டிலும் பின்பற்றுகிறோம்.

பிறர் விழாவில் வேலை செய்பவர்கள்

"நீங்கள் அந்தச் சமயம் இல்லை" என்ற காரணத்தால் யாரையும் ஒரு விழா நாளில் ஷிப்டில் போடக் கூடாது. இனி அரசு விடுமுறை நாளின் ஷிப்டுக்கு முதலில் விருப்பம் கேட்கப்படும். போதிய ஆள் வராவிட்டால் சுழற்சி முறை. ஒரே விழாவில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு ஒருவரைப் போட முடியாது. விடுமுறை நாள் ஊதியம் அந்தந்த நாட்டுச் சட்டப்படி.

சிலர் அரசு விடுமுறை ஒன்றில் வேலை செய்துவிட்டு அதற்குப் பதில் வேறு நாளை விரும்புவார்கள். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி மாற்றிக்கொள்ளலாம். உங்கள் அலுவலகத்தில் இது செல்லுமா என்பதை உள்ளூர் மனிதவள அலுவலர் டிசம்பர் 5க்குள் அறிவிப்பார்.

வெள்ளி, சனி, ஞாயிறு ஆகியவற்றில் வழிபாட்டுக்காக நிரந்தர ஓய்வு கேட்பவர்கள் தனியே எழுதுங்கள். அலுவலக ஊழியர்களின் வாராந்திர ஓய்வு பற்றிய 1957ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை, சமயச் சிறுபான்மையினரின் வழக்கத்தை இயன்றவரை மதிக்கச் சொல்கிறது. ஷிப்ட் பரிமாற்றத்தால் இதைச் செய்ய முடிகிற இடங்களில் எல்லாம் செய்வோம். நோன்பு மாதத்தில் இடைவேளையை மாலைக்கு நகர்த்துவதற்கு விடுப்பு எதுவும் தேவையில்லை, மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும்.

செலவைப் பற்றிக் கேட்ட மேலாளர்களுக்கு: ஆம், நான்கு நாள் என்பது செலவுதான். அதற்கான ஒதுக்கீடு 2026 பட்ஜெட்டில் உள்ளது, உங்கள் குழுவின் இலக்குகளும் அதற்கேற்பத் திருத்தப்பட்டுள்ளன. அதனால் "இலக்கு இருக்கிறது, விடுப்பு தர முடியாது" என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன்.

`FLX` பதிவு டிசம்பர் 1 அன்று திறக்கிறது. 2026க்கு ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆண்டு விடுப்பு நாட்களில் நான்கை விருப்ப நாட்களாக மாற்றிக்கொள்ளலாம், ஒப்புதல் மாறாது. ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி மாதத்தின் மற்ற விழாக்களுக்கும் ஆறு வார விதி இந்த ஒரு முறை பொருந்தாது, டிசம்பர் 12க்குள் கேட்டால் ஒரே வரிசையில் வைப்போம். விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் 2026 அக்டோபரில் அலுவலகம் வாரியாக என்னிடம் வரும்.

மனிதவளப் பிரிவுத் தலைவர்